இயல்பாக்கம்: இடத்தைச் சேமிக்கவா, முரணைத் தவிர்க்கவா?

உறவுநிலைத் தரவுத்தளங்களில் இயல்பாக்கம் (நார்மலைசேஷன்) எதற்காக என்று தேர்வில் கேட்டால், ஒரே தகவல் பலமுறை பதிவாவதைத் தவிர்த்து வட்டில் இடத்தைச் சேமிப்பதற்காக என்றே மாணவர் பலரும் விடை எழுதுகின்றனர். முதல், இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களை ஒரே ஏணியின் படிகளாகவும் வரிசைப்படுத்துகின்றனர். மூலக் கட்டுரைகளைக் கால வரிசையில் வாசித்தால், அங்கே இருப்பது ஓர் ஏணி அன்று என்பது புலப்படும். வெவ்வேறான இரண்டு சிக்கல்களுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரே மனிதர் தந்த இரண்டு விடைகளே அவை.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் எட்கர் காட், 1970 ஜூனில் உறவுநிலை மாதிரியை முன்வைத்த கட்டுரையை வெளியிட்டார். அன்றைய தரவு அமைப்புகளில் பல, பதிவுகளை மர வடிவில் அடுக்கியிருந்தன. அப்போலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலைக் கையாள உருவான ஐபிஎம்மின் ஐஎம்எஸ் அவற்றுள் ஒன்று. ஒரு பதிவுக்குள் இன்னொரு பதிவு, அதற்குள் வேறொன்று என்ற அமைப்பு அது. தரவை எடுக்க வேண்டிய நிரல், மரத்தின் வேரிலிருந்து எந்தக் கிளை வழியே இறங்குவது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மரத்தின் வடிவை மாற்றினால் பழைய நிரல்கள் பழுதாகும்.

காட் எடுத்துக்கொண்ட சான்று ஓர் ஊழியரின் பதிவு. அதற்குள் அவர் வகித்த பணிகளின் வரலாறும், ஒவ்வொரு பணிக்குள்ளும் ஊதிய வரலாறும், தனியே பிள்ளைகளின் பட்டியலும் இருந்தன. மேலிருக்கும் பதிவின் திறவுகோலைக் கீழே இருக்கும் பட்டியலுக்கு வழங்கிவிட்டு, அப்பட்டியலைத் தனி அட்டவணையாகப் பிரித்தெடுப்பதே அவர் காட்டிய வழி. என் சொற்களில் எழுதினால் விளைவு இப்படி அமையும்:

```
employee (emp_no, name, birth_date)
job      (emp_no, job_date, title)
salary   (emp_no, job_date, salary_date, amount)
child    (emp_no, child_name, birth_year)
```

இன்று முதல் இயல்பு வடிவம் எனப்படுவது இதுவே. இதன் நோக்கம் எளிமை. எல்லாத் தரவும் தட்டையான அட்டவணைகளாக இருந்தால் அவற்றுக்குள் சுட்டிகள் தேவையில்லை. வெவ்வேறு வகையில் சேமிக்கும் அமைப்புகளிடையே தரவைப் பரிமாறுவதும் எளிது. மிகைத் தரவு குறித்து அதே கட்டுரையின் பிற்பகுதி தனியே பேசுகிறது. ஆனால் அதற்கு மருந்தாக இயல்பாக்கத்தை அது முன்வைக்கவில்லை.

இரண்டாவது சிக்கல் 1971இல் வருகிறது. தட்டையான அட்டவணையும் தீங்கு செய்யலாம் என்பதைக் காட் அவ்வாண்டில் எழுதிய கட்டுரையில் காட்டினார். இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்கள் அங்கேதான் பிறந்தன. அவர் நோக்கங்களாக எண்ணியவற்றில் முதலாவது, தரவைச் சேர்க்கும்போதும் திருத்தும்போதும் நீக்கும்போதும் எழும் விரும்பத்தகாத பிணைப்புகளை அறுப்பது. இடச் சேமிப்பு அவர் பட்டியலில் இல்லை.

நமக்குப் பழக்கமான ஒரு பதிவேட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஒரே அட்டவணையில் ஆய்வாளர், அவருடைய நெறியாளர், நெறியாளரின் துறை ஆகிய மூன்றும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நெறியாளரிடம் ஆறு ஆய்வாளர்கள். அவர் வேறு துறைக்கு மாறுகிறார். அலுவலகத்தில் ஐந்து வரிகளைத் திருத்தி ஒன்றை விட்டுவிடுகின்றனர். இப்போது அவர் இரண்டு துறைகளில் இருப்பதாக அட்டவணை சொல்கிறது. எது உண்மை என்பதை அந்த அட்டவணையிலிருந்தே கண்டறிய வழியில்லை. இன்னொரு நெறியாளரிடம் ஒரே ஆய்வாளர்; அவர் இடைநின்று அந்த வரி நீக்கப்பட்டால், நெறியாளரின் துறை என்ன என்ற தகவலும் உடன் அழிகிறது. புதிதாகப் பணியேற்றவருக்கு முதல் ஆய்வாளர் வரும்வரை அவருடைய துறையைப் பதியவே இடமில்லை.

காரணம் ஒன்றே. துறை ஆய்வாளரை நேராகச் சார்ந்ததன்று. நெறியாளரைச் சார்ந்து, அவர் வழியாகவே ஆய்வாளரைச் சார்கிறது. ஆகவே நெறியாளர்–துறை என்பதைத் தனி அட்டவணையாக்கினால் துறை மாற்றம் ஒரே வரியில் முடிந்துவிடும். முரண் ஏற்கெனவே நுழைந்துவிட்டதா என்று அறிய, பிரிக்கும் முன் இதை இயக்கிப் பார்க்கலாம்:

```
SELECT guide FROM scholars
GROUP BY guide
HAVING COUNT(DISTINCT dept) > 1;
```

எங்கே வேண்டுமானாலும் பிரித்துவிட முடியாது என்பதும் 1971இலேயே தெளிவாகிவிட்டது. மேற்கண்ட அட்டவணையை ஆய்வாளர்–துறை, நெறியாளர்–துறை என்று பிரித்ததாகக் கொள்வோம். ஒரு துறையில் மூன்று நெறியாளர்களும் பன்னிரண்டு ஆய்வாளர்களும் உள்ளனர். துறையின் பெயரைக் கொண்டு இரண்டையும் மீண்டும் இணைத்தால் முப்பத்தாறு வரிகள் கிடைக்கும். உண்மை பன்னிரண்டு, மற்ற இருபத்துநான்கும் பொய். வரிகள் பெருகின, தகவல் தொலைந்தது: யார் யாரிடம் ஆய்வு செய்கிறார் என்பதை இனி மீட்க முடியாது. இரு பகுதிகளுக்கும் பொதுவான நெடுவரிசை, அவற்றுள் ஒரு பகுதியை முழுவதும் தீர்மானிப்பதாக இருந்தால் பிரிப்பு இழப்பின்றி அமையும் என்பதை ஐ. ஜே. ஹீத் அவ்வாண்டே நிறுவினார். நெறியாளர் துறையைத் தீர்மானிக்கிறார். ஆதலால் நெறியாளரைப் பொதுவாக வைத்துப் பிரிப்பது பாதுகாப்பானது. துறை நெறியாளரையும் தீர்மானிப்பதில்லை, ஆய்வாளரையும் தீர்மானிப்பதில்லை.

இங்கே வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. 'நெறியாளர் துறையைத் தீர்மானிக்கிறார்' என்பது உலகைப் பற்றிய கூற்று. அட்டவணையில் உள்ள வரிகள் அதனைப் பொய்ப்பிக்கலாம், மெய்ப்பிக்க இயலாது. இதை மறந்து நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு நூலகத்தில் பல பத்தாண்டு ஆய்வேடுகளின் விவரங்களைத் திரட்டியபோது, ஒவ்வோர் ஏட்டிலும் நெறியாளரின் துறை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, பாடநூல் சொன்னபடி அதைத் தனி அட்டவணைக்கு மாற்றினேன். சில நெறியாளர்களுக்கு இரண்டு துறைகள் வந்தன. முரண் என்று கருதி, பிந்தியதை மட்டும் வைத்துக்கொண்டேன். பின்னர் துறைவாரியாக எண்ணியபோது, ஒரு துறை தொடங்கப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அதன் பெயரில் ஆய்வேடுகள் தோன்றின. நான் பிழையென்று களைந்தது பிழையன்று, வரலாறு.

ஏட்டில் அச்சாகியிருந்தது நெறியாளர் இன்று இருக்கும் துறையன்று. ஏடு அளிக்கப்பட்ட நாளில் அவர் இருந்த துறை. இவ்விரண்டும் ஒரே சொல்லால் எழுதப்பட்டாலும் வெவ்வேறு உண்மைகள். முதலாவது நெறியாளரைச் சார்ந்தது. இரண்டாவது ஆய்வேட்டைச் சார்ந்தது. அதனை ஆய்வேட்டு அட்டவணையிலேயே விட்டிருக்க வேண்டும். அல்லது நெறியாளர், துறை, தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு என்று தனி அட்டவணை அமைத்திருக்க வேண்டும். நான் மூல ஏடுகளுக்குத் திரும்பி, அந்த நெடுவரிசையை முதலிலிருந்து மீண்டும் நிரப்ப நேர்ந்தது.

ஒரு நெடுவரிசையில் ஒரே சொல் பலமுறை வருவதைக் கண்டதும் அட்டவணையைப் பிரிக்கக் கை நீள்வது இயல்பு. அதற்கு முன், அந்தச் சொல் எதைச் சார்ந்தது, எந்த நாளைச் சார்ந்தது என்று கேட்டுக்கொள்வது நலம்.