வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்புறீங்களா? என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு எப்போதிலிருந்து வரி?

துபாயில் 12 வருஷம் வேலை பார்த்த ஒருவர், ஆகஸ்ட் 1-ம் தேதி நிரந்தரமாக ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ஆர்இ கணக்கில் 20 லட்சம் ரூபாய் டெபாசிட், வட்டி 7 சதவீதம். இதுவரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

வருமான வரிச் சட்டப்படி முதல் இரண்டு வருஷமாவது இவருக்கு 'சாதாரணமாக வசிக்காத குடியிருப்பாளர்' என்ற அந்தஸ்து கிடைக்கும். அதனால் துபாய் வங்கியில் இருக்கும் பணத்தின் வட்டிக்கு இங்கே வரி வராது. என்ஆர்இ வட்டிக்கும் இதே சலுகைதான் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கலே இங்கேதான்.

என்ஆர்இ விலக்கை முடிவு செய்வது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. நிரந்தரமாகத் தங்க வந்த நாளிலேயே, அந்தச் சட்டப்படி இவர் இந்தியவாசி ஆகிவிடுகிறார். ஆகஸ்ட் முதல் மார்ச் வரையிலான வட்டி, சுமார் 93,000 ரூபாய், வரிக்கணக்கில் சேரும். வங்கிக்குச் சொல்லாவிட்டால் கணக்கு என்ஆர்இ ஆகவே ஓடும், வரிப் பிடித்தமும் இருக்காது. அதற்காக வரி இல்லை என்று அர்த்தமில்லை.

டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை. சாதாரணக் கணக்காக மாற்றினாலும் முதிர்வு வரை பழைய வட்டியே கிடைக்கும்.

டாலரில் போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் கதை வேறு. அந்த இடைக்கால அந்தஸ்து இருக்கும்வரை அதன் வட்டிக்கு வரி இல்லை. முதிர்ந்ததும் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றினால் பணம் டாலராகவே இருக்கும். மறுபடி வெளிநாடு போனாலும் எடுத்துச் செல்லலாம்.