மெய்ச் சமிக்ஞையின் இணைச் சமச்சீர்: பிரேஸ்வெல்லின் 1984ஆம் ஆண்டு வாதத்தின் மறுவாசிப்பு

கடல் மட்டம், காற்றழுத்தம், ஒலி ஆகியவற்றை அளந்தால் கிடைப்பவை மெய்யெண்கள். ஃபூரியர் உருமாற்றமோ கலப்பெண்களில் இயங்குகிறது. மெய்யெண் தரவைக் கலப்பெண் நிரலுக்குக் கொடுப்பவர் கற்பனைப் பகுதி முழுவதையும் சுழியத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வானொலி வானியலாளர் ரொனால்டு பிரேஸ்வெல் இதைக் கணிப்பு முறையின் குறையாகக் கண்டார். 1942இல் ரால்ஃப் ஹார்ட்லி முன்வைத்த, மெய்யெண்களிலேயே இயங்கும் உருமாற்றத்தை அவர் மீட்டெடுத்தார். அதற்கான விரைவுக் கணிப்பை 1984இல் வெளியிட்டு, விரைவு ஃபூரியர் உருமாற்றம் செய்யும் எல்லாப் பணிகளையும் இது அதே வேகத்தில் அல்லது அதைவிட வேகமாகச் செய்யும் என்றார். திறன் நிறமாலை காண்பதிலும் சுருளல் கணிப்பிலும் இது தெளிவாகவே முந்தும் என்றும் கூறினார். கணிப்பு முறைக்கு 1987இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1994இல் அது பொதுவுடைமையாக விடப்பட்டது.

இந்த வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பிரேஸ்வெல் வீண் என்று ஒதுக்கிய பாதி வேறொரு சமிக்ஞை அமர்ந்துகொள்ளக்கூடிய காலி இடம். அவர் எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது நிரப்பப்பட்டுவிட்டது. இதை ஜொகூரின் இரு கரைகளை வைத்து விளக்குகிறேன்.

மலேசிய அளவாய்வு, வரைபடத் துறையின் கடல்மட்ட அளவை நிலையங்களில் இரண்டு குக்குப்பிலும் தஞ்சோங் செடிலியிலும் உள்ளன. முன்னது மலாக்கா நீரிணைப் பக்கம், பின்னது தென்சீனக் கடல் பக்கம். குக்குப் பக்கத்தில் நாளுக்கு இருமுறை ஏறியிறங்கும் ஓதமே ஓங்கி நிற்கும்; செடிலி பக்கத்தில் நாளுக்கு ஒருமுறை வரும் கூற்றின் பங்கு கூடுதல். இரு நிலையங்களின் மணிவாரி மட்டங்களையும் ஒப்பிட விரும்புபவருக்கு ஒரே நீளமுள்ள இரண்டு மெய்யெண் வரிசைகள் கிடைக்கின்றன. இரண்டின் கூறுகளையும் ஒரே அடுக்கில் பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய தேவை.

சமச்சீர் எங்கிருந்து வருகிறது? N மதிப்புகள் கொண்ட x[n] வரிசையின் உருமாற்றம் இது:

X[k] = Σ x[n] e^(−2πikn/N)

k இருக்கும் இடத்தில் N−k என்று இட்டால் அடுக்கில் −2πin என்னும் கூடுதல் உறுப்பு தோன்றுகிறது. n முழு எண் என்பதால் அந்தக் காரணியின் மதிப்பு 1. எஞ்சுவது e^(+2πikn/N), அதாவது முந்தைய காரணியின் இணையெண். x[n] மெய்யெண் என்பதால் இணையெண் எடுத்தாலும் மாறாது. ஆகவே கூட்டுத்தொகை முழுவதுமே இணையெண்ணாகிவிடுகிறது: X[N−k] = X*[k]. மெய்ப்பகுதியைத் தருவது கொசைன். திசை திரும்பினால் அது மாறாது. கற்பனைப் பகுதியைத் தருவது சைன். திசை திரும்பினால் குறி மாறும்.

இங்கே எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். N இரட்டைப்படை என்று கொள்வோம். X[0], X[N/2] இரண்டும் தமக்குத் தாமே இணை. ஆகவே அவை மெய்யெண்கள். இடையிலுள்ள N/2−1 கலப்பெண்கள் ஒவ்வொன்றும் இரண்டு மெய்யெண்களைத் தருகின்றன. மொத்தம் 2 + 2(N/2−1), அதாவது N. உள்ளே சென்றவை N மெய்யெண்கள், சுதந்திரமாக வெளிவந்தவையும் N. எதுவும் கூடவில்லை, குறையவில்லை. மீதி N எண்களில் இரண்டு சுழியங்கள்; மற்றவை, குறி மாறினாலும், எழுதப்பட்டவற்றின் படிகள் மட்டுமே. பிரேஸ்வெல்லின் வாசிப்பு இந்தப் படிகளைச் செலவுக் கணக்கில் சேர்க்கிறது. படி என்று தெரிந்தபின் அதை ஏன் கணிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

காலி இடத்தை நிரப்பும் முறைக்கு வருவோம். குக்குப் வரிசை x, செடிலி வரிசை y எனில் z = x + iy என்ற ஒரே வரிசையை அமைத்து, அதன் உருமாற்றம் Z = X + iY என்பதைக் காண்கிறோம். X இணைச் சமச்சீர் உடையது. Y உம் அப்படியே. ஆனால் i யால் பெருக்கப்பட்டதால் iY எதிர்ச்சமச்சீர் ஆகிறது: எதிர் முனையில் இணையெண்ணோடு கழித்தல் குறியும் சேர்ந்து வருகிறது. எனவே Z[k] ஐயும் Z[N−k] இன் இணையெண்ணையும் கூட்டினால் y நீங்கும். கழித்தால் x நீங்கும்.

X[k] = (Z[k] + Z*[N−k]) / 2
Y[k] = (Z[k] − Z*[N−k]) / 2i

கையால் சரிபார்க்க வசதியாக நான்கே மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். x = 4, 1, 0, 3; y = 1, 2, 3, 0. இணைத்த வரிசை 4+i, 1+2i, 3i, 3. உருமாற்றத்தில் Z[0] = 8+6i, Z[1] = 6, Z[2] = 2i, Z[3] = 2−4i. Z[3] இன் இணையெண் 2+4i. அதை Z[1] உடன் கூட்டிப் பாதியாக்கினால் X[1] = 4+2i. கழித்து 2i ஆல் வகுத்தால் Y[1] = −2−2i. x, y இரண்டையும் தனித்தனியே உருமாற்றினாலும் இதே விடைகள்தான். Z[0] இல் பிரிக்கும் வேலையே இல்லை: 8 குக்குப்பின் கூட்டுத்தொகை, 6 செடிலியின் கூட்டுத்தொகை.

இதே எண்களில் ஒரு பிழையையும் பார்த்துவிடலாம். இணையெண் எடுக்க மறந்து Z[1], Z[3] இரண்டையும் அப்படியே கூட்டிப் பாதியாக்கினால் 4−2i வருகிறது. மெய்ப்பகுதி சரியாக இருக்கிறது. கற்பனைப் பகுதியில் −2 நிற்கிறது. அந்த −2 செடிலி உருமாற்றத்தின், அதாவது Y[1] இன் மெய்ப்பகுதி. நிறமாலையில் உயரங்கள் நம்பும்படியே தோன்றும். ஒரு கடலின் கொசைன் கூறு மற்றக் கடலின் சைன் கூறாக வேடமிட்டிருப்பது வரைபடத்தில் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி y முழுவதையும் சுழியமாக்கி ஓட்டுவது. அப்போது Y இல் கடைசி இலக்க அளவுக்கு மேல் எதுவும் வரக்கூடாது. வந்தால் பிரிப்பில் பிழை.

நிரலில் ஐந்து வரிகள் போதும். k = 0 வரும்போது N−k என்பது மீண்டும் 0 ஆக வேண்டும் என்பதே பலர் இடறும் இடம்; மூன்றாம் வரியில் உள்ள சுழற்றல் அதற்காகத்தான்.

```
z = x + 1j*y
Z = np.fft.fft(z)
W = np.conj(np.roll(Z[::-1], 1))
X = (Z + W)/2
Y = (Z - W)/2j
```

செலவு எவ்வளவு? 8192 மணி நேரப் பதிவு என்போம். ஏறத்தாழ 341 நாள். இரண்டடி முறையில் ஓர் உருமாற்றத்துக்கு 53,248 பட்டாம்பூச்சிக் கணிப்புகள் தேவை. தனித்தனியே செய்தால் இதைப்போல் இருமடங்கு. இணைத்துச் செய்தால் ஒருமடங்கு. அதோடு பிரிப்பதற்கு ஏறத்தாழ 16,380 கூட்டல்கள். உருமாற்றத்துக்குள் நடக்கும் கூட்டல்களில் இது இருபதில் ஒரு பங்கு.

இப்போது பிரேஸ்வெல்லிடம் திரும்பலாம். X[k] = a + ib எனில் ஹார்ட்லி உருமாற்றத்தின் k ஆம் மதிப்பு a−b, N−k ஆம் மதிப்பு a+b. நம் எடுத்துக்காட்டில் X[1] = 4+2i; ஹார்ட்லி மதிப்புகள் 2, 6. மெய்யெண்ணுக்கென்றே செதுக்கிய ஃபூரியர் கணிப்பு ஒன்று கையில் இருந்தால், ஒவ்வோர் இணைக்கும் இரண்டு கூட்டல் செய்து ஹார்ட்லியைப் பெறலாம். N/2−1 இணைகளுக்கு N−2 கூட்டல்கள். அதாவது ஹார்ட்லியை அடைய ஃபூரியரைத் தாண்டி N−2 கூட்டல் கூடுதலாகச் செய்ய வேண்டும். 1987இல் சோரன்சன், ஜோன்ஸ், ஹைட்மன், பர்ரஸ் ஆகியோர் மெய்யெண் ஃபூரியர் கணிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது காட்டியதும் இந்தத் திசையையே.

திறன் நிறமாலையில் தெளிவான முந்தல் உண்டு என்ற கூற்று இன்னும் தளர்வானது. ஃபூரியர் வழியில் a² + b²: 16 + 4 = 20. ஹார்ட்லி வழியில் இரு மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்: (4 + 36)/2 = 20. இரண்டிலும் இரண்டு வர்க்கம், ஒரு கூட்டல். ஹார்ட்லியில் ஒரு பாதியாக்கல் அதிகம். முந்தல் தோன்ற வேண்டுமானால் எதிரில் நிற்பது கற்பனைப் பகுதியில் சுழியம் நிரப்பிய கலப்பெண் நிரலாக இருக்க வேண்டும். அந்த ஒப்பீடு உருமாற்றங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நிரலைப் பயன்படுத்திய விதத்தைப் பற்றியே சொல்கிறது.

பிரேஸ்வெல்லுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் உண்டு. ஹார்ட்லி உருமாற்றத்தில் போவதற்கும் வருவதற்கும் ஒரே நிரல் போதும். மாறுவது 1/N என்ற காரணி மட்டும். கலப்பெண் வகையைக் கையாளாத கணினி மொழியில் எழுதுபவருக்கு இது பெரிய ஆறுதல். இணைப்பு முறைக்கு எதிராக அவர் சுட்டியிருக்கக்கூடிய ஒரு சிரமமும் உண்மையானதே: இரு சமிக்ஞைகளின் தலைவிதியும் ஒன்றாகக் கட்டப்படுகிறது. குக்குப் பதிவில் ஒரே ஒரு மணி நேரம் விடுபட்டு, அங்கே எண் அல்லாத குறி நின்றால் Z முழுவதும் கெடும். பழுதில்லாத செடிலியும் அதோடு போகும். இடைவெளிகளை இணைப்பதற்கு முன்பே நிரப்பியாக வேண்டும். அளவு வேறுபாடும் தொல்லை தரும். ஒரு வரிசை மில்லிமீட்டரிலும் மற்றது மீட்டரிலும் இருந்தால் பெரியதன் முழுமையாக்கல் பிழை சிறியதற்குள் கசியும். ஏழு இலக்கத் துல்லியமுள்ள கணிப்பில் சிறியது மூன்று இலக்கங்களை இழக்கும். ஒரே அலகில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இவை கையாளத்தக்க சிரமங்கள். புதிய உருமாற்றத்துக்குத் தாவக் காரணமாகா.

இனி வரலாறு. இரண்டை ஒன்றில் அடைக்கும் இந்த முறையைக் கூலி, லூயிஸ், வெல்ச் மூவரும் 1970இல் ஒலி, அதிர்வு ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் காணலாம். பலரும் அதையே தொடக்கமாகக் கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமான சான்று 1968இல் கிளென் பெர்க்லண்ட் வெளியிட்ட கட்டுரை. மெய்யெண் வரிசைக்கென்றே அவர் ஒரு கணிப்பு முறையைத் தருகிறார். அதன் சுருக்கத்தில் ஒரு தொடர் என்னை நிறுத்தியது. வரிசை மெய்யெண்ணாக இருக்கும்போது அடையக்கூடிய அந்த இரண்டுக்கு ஒன்று என்ற குறைப்பைத் தன் முறையும் தருகிறது என்கிறார். குறைப்பு உண்டு என்பதை அவர் நிறுவ முற்படவில்லை. வாசகருக்கு அது தெரியும் என்று எடுத்துக்கொண்டு, கூலி–டூக்கி முறையின் ஒழுங்கு குலையாமல் அதை எப்படிப் பெறுவது என்பதையே தன் பங்களிப்பாகச் சொல்கிறார்.

ஒரு தொடரை வைத்து இவ்வளவு கட்டலாமா என்று கேட்கலாம். கட்டலாம் என்பதே என் நிலை. புதிய சிக்கனம் ஒன்றைக் கண்டவர் அதைத் தலைப்பிலேயே அறிவிப்பார். சார்பு வாக்கியத்தில் ஒளித்துவைக்க மாட்டார். பாதியாகும் என்பது 1968க்குள் இத்துறையினரிடையே பேச்சுவழக்காகிவிட்டது என்பதற்கு இந்தச் சொல்லமைப்பே சாட்சி. கூலி, லூயிஸ், வெல்ச் மூவரும் 1967இலேயே ஐ.பி.எம். ஆய்வறிக்கை ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள் என்பதும் இதோடு பொருந்துகிறது. ஆனால் பாதியாகும் என்பது தெரிந்திருந்தது வேறு. x + iy என்று அடைத்துப் பிரிக்கும் குறிப்பிட்ட வழி தெரிந்திருந்தது வேறு. பெர்க்லண்டின் தொடர் முதலாவதற்கு மட்டுமே சான்று. கூலி–டூக்கி கட்டுரை வந்த 1965க்கும் 1970க்கும் இடையில் அடைக்கும் வழி முதலில் யார் கையில் எழுதப்பட்டது என்பதை இந்தச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. 1984க்கு முன் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.