சின்னத்திரைப் புகழும் இடப்பெயர்வும்: வாணி போஜனை முன்வைத்து

முன்னுரை

1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சித்தி’ தொடரில் திரைப்பட நடிகை ராதிகா நடித்தார். பெரிய திரையின் புகழ் அன்று சின்னத்திரைக்கு வந்தது. பிற்காலத்தில் தொடர் நடிகர்கள் பலர் எதிர்த்திசையில் பெயர்ந்தனர். அப்பெயர்ச்சியில் புகழ் அடையும் மாற்றத்தை வாணி போஜனின் பணிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

தொடர் தரும் புகழ்

வாணி போஜன் நாயகியாக நடித்த ‘தெய்வமகள்’ 2013 முதல் 2018 வரை ஒளிபரப்பாயிற்று. அதன் பகுதிகள் 1,400க்கும் மேற்பட்டவை. பகுதி ஒன்றுக்கு இருபது நிமிடம் எனக் கொண்டால், பார்வையாளர் அவருடன் ஏறத்தாழ 465 மணி நேரம் பழகியுள்ளனர். இஃது ஏறக்குறைய 180 திரைப்படங்களின் நேரத்திற்கு ஒப்பாகும். நாள்தோறும் வீட்டிற்குள் நிகழும் இப்பழக்கம் நடிகரின் பெயரைப் பின்தள்ளிப் பாத்திரப் பெயரை முன்னிறுத்துகின்றது. வாணி போஜன் ‘சத்யா’ என்றும், எதிர்நாயகியாக நடித்த ரேகா கிருஷ்ணப்பா ‘அண்ணியார்’ என்றும் அறியப்பட்டமை இதற்குச் சான்று. செயற்கைக்கோள் ஒளிபரப்பால் இப்புகழ் ஐதராபாத் நகரின் ஜீடிமெட்லா போன்ற தொழிற்பகுதிகளில் வாழும் தமிழரையும் எட்ட இயலும்; அண்டை வீட்டுத் தெலுங்கரை எட்டுவது அரிது. மொழியே அதன் எல்லை.

திரைப்படமும் மொழி எல்லையும்

2019இல் வெளிவந்த ‘மீக்கு மாத்ரமே செப்தா’ என்னும் தெலுங்குப் படத்தில் அவர் நடித்தார். சத்யாவை அறியாத பார்வையாளர்முன் அவர் புதுமுகமாகவே நின்றார் எனலாம். 2020இல் தமிழில் ‘ஓ மை கடவுளே’ வெளிவந்தது. ரித்திகா சிங் நாயகியாக நடித்த அப்படத்தில் இவர் மீரா என்னும் பாத்திரத்தை ஏற்றார். தொடரில் கதையின் மையமாக இருந்தவர் படத்தில் இரண்டாமிடம் பெற்றார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அதே இயக்குநர் அசுவத் மாரிமுத்து, 2022இல் அப்படத்தை ‘ஓரி தேவுடா’ எனத் தெலுங்கில் மீண்டும் உருவாக்கியபோது மீராவாக ஆஷா பட் நடித்தார். மறுவாக்கத்தில் கதை எல்லை கடந்தது, நடிகர் கடக்கவில்லை.

இணையத்தொடர்

‘ட்ரிபிள்ஸ்’ (2020), ‘தமிழ் ராக்கர்ஸ்’ (2022), ‘செங்களம்’ (2023) ஆகிய இணையத்தொடர்களிலும் அவர் நடித்துள்ளார். ‘செங்களம்’ அரசியல் களத்தைக் கொண்டது. அதில் அவர் சூரியகலா என்னும் பாத்திரமேற்றார். இணையத்தொடர் சில பகுதிகளிலேயே முடிவதால், பாத்திரப் பெயர் நடிகரை விழுங்குமளவு பழக்கம் உருவாவதில்லை. ஒலிமாற்றமும் துணையுரையும் அமையுமிடத்து அதே நடிகரின் முகமே பிறமொழியாளரிடம் செல்லும். மறுவாக்கத்தினின்று இது வேறுபடும் இடம் இதுவே. ஆனால் சந்தா செலுத்தித் தேர்ந்து பார்க்கும் இவ்வூடகம் தொலைக்காட்சிபோல் நாள்தோறும் எல்லா வயதினரையும் ஒருங்கே அமர்த்துவதில்லை.

முடிவுரை

தொடரின் புகழ் ஆழமானது. ஆயின் பாத்திரத்திற்கும் மொழிக்கும் உட்பட்டது. திரைப்படம் நடிகரின் சொந்தப் பெயரை நிறுவ வாய்ப்பளிப்பினும் மையஇடத்தை உறுதி செய்வதில்லை. இணையத்தொடர் மொழி எல்லையைத் தளர்த்துகின்றது. பழக்கத்தின் ஆழத்தைக் குறைக்கின்றது. எனவே தொடரிலிருந்து பெயரும் நடிகர் முன்னைய புகழை முழுமையாக உடன்கொண்டு செல்வதில்லை. ஒவ்வோர் ஊடகத்திலும் அதனை வேறொரு வடிவில் மீண்டும் ஈட்டவேண்டியவராகின்றார்.