ரீஆர்டர் லெவல்

ஒரு பொருளின் இருப்பு எந்த அளவைத் தொட்டதும் அடுத்த ஆர்டர் போட வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். ஸ்டோர் கணக்கில் 'மறுகொள்முதல் நிலை' என்றும் எழுதுவார்கள். லீட் டைமில் ஆகும் செலவு, சேஃப்டி ஸ்டாக் என்ற இரண்டிலிருந்தும் இந்த எண் பிறக்கிறது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் வெள்ளைத் தையல் நூல் நாளொன்றுக்குச் சராசரியாக 40 கோன் செலவாகிறது, ஷிப்மென்ட் நெருக்கத்தில் 55 வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் கடைக்காரர் "மூணு நாள்ல வந்துடும்" என்பார். ஆனால் அது லீட் டைம் அல்ல. இண்டென்ட் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு நாள், விலை பேசி ஆர்டர் அனுப்ப ஒரு நாள், அவருடைய மூன்று நாள், இறக்கிச் சரிபார்த்து வரவு வைக்க ஒரு நாள் என்று மொத்தம் ஆறு நாள் ஆகிறது. தாமதமானால் ஒன்பது.

மோசமான நிலையில் 55 × 9 = 495 கோன் தேவை. இதுவே ரீஆர்டர் லெவல். வழக்கமான நிலையில் 40 × 6 = 240 போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 255 கோன்தான் சேஃப்டி ஸ்டாக். லீட் டைமை மூன்று நாள் என்று பதிந்து, அதே 255-ஐக் கூட்டினால் லெவல் 375 ஆகிவிடும். செலவு 55-ஆக ஏறி, சரக்கும் ஒன்பதாம் நாளில்தான் வருகிறது என்றால் ஏழாம் நாளே நூல் தீர்ந்துவிடும்.

இந்த எண்ணைக் கையிருப்போடு மட்டும் ஒப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ரேக்கில் 300 கோன், ஆர்டர் போட்டு வர வேண்டியது 600 என்றால் மொத்தம் 900; மறுபடி ஆர்டர் வேண்டாம். டேலியின் Reorder Status அறிக்கையில் Nett Available என்ற பத்தி, வர வேண்டியதைச் சேர்த்துத்தான் காட்டும். ரத்தான பழைய ஆர்டரை மூடாமல் விட்டால் அந்தப் பத்தியே பொய் சொல்லும். ஸ்டோர்கீப்பர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பதிந்த எண்கள் சரியா என்பதை பின் கார்டே காட்டிக்கொடுக்கும். புதுச் சரக்கு வந்திறங்கும்போது ரேக்கில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று கடைசி ஐந்தாறு வரவுகளைப் பாருங்கள். 255-ஐ ஒட்டி முன்னே பின்னே இருந்தால் கணக்கு சரி. ஒவ்வொரு முறையும் 50-க்குக் கீழே என்றால் லீட் டைம் நீண்டிருக்கிறது, அல்லது செலவு கூடியிருக்கிறது. 400-க்கு மேல் என்றால் பணம் ரேக்கில் தூங்குகிறது.

அதிகபட்சத்தை அதிகபட்சத்தால் பெருக்கும் இந்த முறை, இரண்டு சங்கடமும் ஒன்றாக வரும் என்று பயந்து போடும் கணக்கு. விலை கூடிய பொருளுக்கு இருப்பு வீங்கும். தொடர்ந்து ஓடும் வெள்ளை, கறுப்பு நூலுக்கு இது பொருந்தும். ஒரே ஆர்டருக்காகச் சாயமிட்டு வாங்கும் கலர் நூலுக்கு ரீஆர்டர் லெவலே வைக்கக்கூடாது. அதை அந்த ஆர்டரின் பீஸ் கணக்கை வைத்து வாங்க வேண்டும்.