மாத்தளைப் பெயர்ப்பலகையும் கேம் எஞ்சினும்: ஐகாரக் குறியை இடம் மாற்றுவது யார்?

கண்டியிலிருந்து வடக்கே போகும் இருப்புப்பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. இன்றும் அங்கேயே முடிகிறது. இலங்கையின் மற்ற நிலையங்களைப் போலவே இங்கும் ஊர்ப்பெயர் மும்மொழியில் எழுதப்படுகிறது. இந்த நிலையத்தை ஒரு முப்பரிமாணக் கேமுக்குள் கட்டினால் தண்டவாளம், கூரை, மலைச்சரிவு எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். தமிழ்ப் பெயரைப் பலகையில் ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்கும். அண்மைக்காலம் வரை பெரும்பாலான கேம் எஞ்சின்களில் ஐகாரக் குறி ளகரத்துக்கு வலப்புறம் போய் நின்றது, புள்ளி தகரத்தின் தலையை விட்டு நழுவியது. குறிகளை இடம் மாற்றும் வேலை காலந்தோறும் யார் கையில் இருந்தது என்பதை இந்த ஒரு பெயரை வைத்தே இக்கட்டுரை பார்க்கிறது.

அச்சகத்தில் அந்த வேலை அச்சுக் கோப்பவருடையது. சீர்திருத்த வடிவில் ளை என்று வர வேண்டுமானால் அவர் முதலில் ஐகாரக் குறியின் ஈயத்தையும், அதன்பின் ளகரத்தின் ஈயத்தையும் அடுக்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் விரல் போன வழி அதுதான்: கண்ணுக்கு இடப்புறம் தெரிவதை முதலில் அடிக்க வேண்டும். பொறிக்கு மொழி தெரியத் தேவையில்லை. தாளில் அடுத்தடுத்து வடிவங்களைப் பதித்தால் போதும்.

கணினி வந்தபோது இலங்கையில் பரவலான பாமினி எழுத்துரு இந்தப் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தியதுதான் அதன் உத்தி. மாத்தளை என்ற பெயர் பாமினிக் கோப்பில் உண்மையில் இப்படித்தான் இருக்கும்:

```
khj;jis
```

`k` மகரம், `h` துணைக்கால், `j` தகரம், அரைப்புள்ளி மெய்யின் புள்ளி, `i` ஐகாரக் குறி, `s` ளகரம். குறி எழுத்துக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள். இணைந்து உருமாறும் எழுத்துகளுக்குத் தனி இடங்கள் உண்டு: மு என்பதற்கு `K`, து என்பதற்கு `J`. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா அறிவித்தல் அச்சிட வேண்டுமென்றால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும் என்பதும், தேடினால் கிடைக்காது என்பதும் வேறு கதை.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தமிழை அது ஒலிக்கும் வரிசையில் சேமித்தது. மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. மாத்தளை ஏழு குறியீடுகளாயிற்று:

```
ம U+0BAE   ா U+0BBE
த U+0BA4   ் U+0BCD
த U+0BA4
ள U+0BB3   ை U+0BC8
```

இது தவிர்க்க முடியாத முடிவு அன்று. தாய்லாந்து மொழிக்கு அதே யூனிகோட் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே ஏற்றுக்கொண்டது. அங்கு இடக்குறி முதலில் சேமிக்கப்படுகிறது, திரையில் யாரும் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. தமிழுக்கு எடுத்த முடிவால் அகரவரிசைப்படுத்தலும் தேடலும் எளிதாயின. ஆனால் அச்சுக் கோப்பவர் செய்த வேலையைச் செய்ய இனி ஒரு நிரல் தேவைப்பட்டது. அந்த நிரலையே ஷேப்பர் என்கிறார்கள். குறியீடுகளின் வரிசையை வாங்கி, குறிகளை இடம் மாற்றி, எந்த வடிவத்தை எங்கே வரைவது என்ற பட்டியலைத் திருப்பிக் கொடுப்பது அதன் பணி. விண்டோஸ் 2000இல் யூனிஸ்கிரைப் என்ற பெயரில் அது லதா எழுத்துருவோடு வந்தது. பின்னர் 2012 அளவில் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதின் ஹார்ப்பஸ் இந்திய எழுத்துகளுக்கான திறனைத் திறந்த மூலமாகத் தந்தது. இலங்கை தன் தமிழ்த் தரமான எஸ்.எல்.எஸ். 1326ஐ 2008இல் யூனிகோடின் மேலேயே அமைத்துக்கொண்டது. தமிழ்நாடோ 2010இல் யூனிகோடோடு டேஸ்16 என்ற இன்னொன்றையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு உண்டு, ஷேப்பரே வேண்டாம். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமர்ந்ததால் உலக மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கேம் எஞ்சின்களின் அன்றைய நிலையை நினைத்தால், உயிர்மெய்க்குத் தனிக் குறியீடு என்ற வாதத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கியது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் மேசைக்கணினியும் உலாவியும் ஷேப்பரை ஏற்ற பிறகும் கேம் எஞ்சின்கள் தட்டச்சுப் பொறியின் காலத்திலேயே நின்றன. வேகம்தான் காரணம். வினாடிக்கு 60 முறை திரையை வரைய வேண்டிய எஞ்சின், எழுத்துகளை முன்கூட்டியே ஒரு படத்தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, குறியீட்டு எண்ணைக் கொண்டு அதிலிருந்து வெட்டி ஒட்டியது. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்பதே விதி. இந்த விதி தமிழை இரண்டு இடங்களில் உடைக்கிறது. குறிகளை நகர்த்த யாரும் இல்லை என்பது முதலாவது. இரண்டாவது இதைவிட ஆழமானது: மு, டி, ஸ்ரீ போன்ற இணைந்த வடிவங்களுக்குச் சொந்தக் குறியீடு கிடையாது. அவை எழுத்துருவுக்குள் வடிவ எண்ணாக மட்டுமே இருக்கின்றன. குறியீட்டைக் கொண்டு தேடும் படத்தாளில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே வரிசையை மாற்றியடிப்பதால் மட்டும் முத்துமாரியம்மனின் மு வந்துவிடாது.

மாவட்டத்திலேயே இன்னொரு பெயர், பல்லேபொல, இதை வேறு விதமாகக் காட்டும். பொ என்பதில் குறி பகரத்தின் இரு பக்கமும் நிற்கிறது. யூனிகோடில் அந்தக் குறியை U+0BCA என்று ஒரே எண்ணாகவும், U+0BC6, U+0BBE என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது விதி. ஷேப்பர் உள்ள எஞ்சினில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இல்லாத எஞ்சினில் முதல் வகை பகரத்தின் வலப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைப் படமாக ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் வகை இரு படங்களாக வரிசையில் நிற்கும். ஒரே ஊர் இரு திரைகளில் இரு விதமாகப் பிழைபட்டால் குற்றவாளி எழுத்துரு அல்ல, ஷேப்பர் இல்லாமைதான்.

சிங்கள வரிக்கும் இதே தலைவலி என்பதை நம் பேச்சில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மாத்தளையின் சிங்களப் பெயர் லேகாரத்தில் முடிகிறது. அதன் கொம்புவ லகரத்தின் இடப்புறம் நகர வேண்டும், மேலே ஒரு குறியும் ஏற வேண்டும். மும்மொழிப் பலகையில் ஆங்கில வரி மட்டும் ஒழுங்காக வந்திருப்பதைப் பார்த்தாலே எஞ்சினின் நிலை தெரிந்துவிடும்.

இந்த இடைவெளியை உருவாக்குநர்கள் எப்படி அடைத்தார்கள்? பாமினியைத் தோண்டி எடுத்துத்தான். யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ குறியீட்டுக்கு ஒரு படம் என்ற முறையிலேயே இயங்கியதால், யூனிகோட் தமிழைப் பழைய எழுத்துருவின் வரிசைக்கு மாற்றி, அந்த எழுத்துருவையே படத்தாளாக ஏற்றும் உத்தி பரவியது. திரையில் தமிழ் சரியாகத் தெரியும், உள்ளே இருப்பதோ `khj;jis`. ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் கலந்தால் எழுத்துருவை இடையில் மாற்ற வேண்டும் என்பது அதன் விலை. வேறு சிலர் யூனிகோட் எழுத்துருவையே வைத்துக்கொண்டு, ஐகாரக் குறியை மட்டும் ளகரத்துக்கு முன்னே தள்ளும் நாலு வரி நிரல் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது உத்தியில் ஒரு கண்ணி உண்டு. எஞ்சினுக்கு ஷேப்பர் வந்த அன்றே அது வெடிக்கும். முன்னே தள்ளப்பட்ட குறியை ஷேப்பர் தனக்கு முந்தைய தகரத்தின் குறியாக எடுத்துக்கொண்டு, அதை அந்தத் தகரத்துக்கும் இடப்பக்கம் நகர்த்தும். பலகையில் மாத்தைள என்று வரும். சொல்லின் தொடக்கத்திலேயே இப்படி நேர்ந்தால் பற்றிக்கொள்ள எழுத்து இல்லாமல் புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றும். ஆகவே குறி எழுத்துக்கு வலப்புறம் நின்றால் ஷேப்பர் இல்லை. குறி ஓர் எழுத்து முன்னே தாவினாலோ புள்ளிவட்டம் தெரிந்தாலோ ஷேப்பர் இருக்கிறது, பழைய திருத்தமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் நேரம் வீணாகிறது.

மாற்றத்தை முழுமையாகச் செய்தது கோடோ. அதன் மூன்றாம் பதிப்பு வரை எழுத்து எழுத்தாகவே வரைந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பு எழுத்து வேலையைத் தனி அடுக்காகப் பிரித்து, அதற்குள் ஹார்ப்பஸை வைத்தது. ஆனால் அளவு குறைந்த மாற்று அடுக்கு ஒன்றும் உண்டு, அதில் ஷேப்பர் கிடையாது. எது ஓடுகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது:

```
var ts = TextServerManager.get_primary_interface()
print(ts.get_name())
print(ts.has_feature(TextServer.FEATURE_SHAPING))
```

பெயரில் `HarfBuzz` இருந்து, அடுத்த வரி `true` என்றால் குறி தானே நகரும். அதன் பிறகும் பெட்டிகள் தெரிந்தால் அது எழுத்துருச் சிக்கல். கோடோவின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. மேசைக்கணினியில் அது இயங்குதளத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும், இணையப் பதிப்பில் கடன் வாங்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கேமோடு சேர்த்தே கட்ட வேண்டும். சரியான வடிவம் எதுவென்று ஒப்பிட, எஞ்சினுக்கு வெளியே ஹார்ப்பஸின் சொந்தக் கருவியையே பயன்படுத்தலாம்:

```
hb-view -o m.png NotoSansTamil-Regular.ttf "மாத்தளை"
```

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை எஞ்சும். உரையாடல் வரிகளை எழுத்தெழுத்தாக வெளிப்படுத்தும் விளைவில், முதலில் ளகரம் தோன்றி, அடுத்த கணம் அது வலப்புறம் நகர, அது நின்ற இடத்தில் ஐகாரக் குறி முளைக்கும். வரியை வெட்டிய பின் ஷேப்பரிடம் கொடுப்பதால் வரும் துள்ளல் இது. முழு வரியையும் ஷேப்பர் அடுக்கிய பின்னரே மறைக்கும்படி `visible_characters_behavior` என்பதை `VC_CHARS_AFTER_SHAPING` என்று மாற்றினால் எழுத்து நிலையாக நிற்கும்.

மற்ற எஞ்சின்களில் வளர்ச்சி சமமாக இல்லை. யூனிட்டி தன் ஆறாம் பதிப்பில்தான், அதுவும் முதலில் புதிய இடைமுகக் கருவித்தொகுப்புக்கு மட்டும், ஷேப்பர் உள்ள எழுத்தாக்கியைத் தந்தது. அன்ரியல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹார்ப்பஸை ஏற்றது. என்றாலும் அது திரைமேல் மிதக்கும் இடைமுகத்துக்குத்தான். காட்சிக்குள்ளேயே பலகையில் எழுதும் அதன் `TextRender` கூறு இன்னும் படத்தாள் முறையைச் சார்ந்தது. நிலையப் பலகைக்கு அங்கே இடைமுகத் துண்டு ஒன்றைக் காட்சிக்குள் பொருத்துவதே வழி.

கதை 1960களின் மாத்தளையில் நடக்கிறது என்றால் இன்னொரு கேள்வி வரும். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்கும் முன், ண, ல, ள, ன ஆகிய நான்கின் ஐகாரம் தனிக் குறியாக நிற்கவில்லை. துதிக்கைபோல் வளைந்து எழுத்தோடு ஒட்டியே இருந்தது. அன்றைய பலகைக்கு அந்த ளை வேண்டும். பாமினி வழியில் போனால் அதற்கென இன்னொரு சரம், இன்னொரு இடம் தேட வேண்டும். ஷேப்பர் வழியில் U+0BB3, U+0BC8 என்ற அதே இரு குறியீடுகள் போதும். பழைய இணைப்பு வடிவத்தைத் தன்னுள் கொண்ட எழுத்துருவைப் பலகைக்கு மட்டும் கொடுத்துவிட்டால், ஷேப்பர் குறியை இடப்பக்கம் தனியே நிறுத்தாமல் இரண்டையும் ஒரே வடிவமாக இணைத்துவிடும்.