தேடாமல் அகப்பட்ட அதிரீனல் கட்டி: ஸ்கேன் எண் என்ன சொல்கிறது?

என் பெரியம்மாவுக்கு வயது 61. இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தில் குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனார். 2009இல் முதுகில் ஷெல் துண்டோடு செட்டிக்குளம் முகாமுக்கு வந்து, பிறகு தங்கையின் தோட்ட லயத்துக்கே திரும்பினார். கடந்த ஆண்டு கடுமையான வயிற்று வலி வந்தபோது சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல். ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது: இடது அதிரீனல் சுரப்பியில் 22 மில்லிமீற்றர் கட்டி, தன்மை நிச்சயமில்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கையில் கொடுத்தவர் எதையும் விளக்கவில்லை. "கேன்சரா சாமி? மறைக்காம சொல்லிரு" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பிறகு கதிரியல் வைத்தியர் ஒருவரிடமும் அகஞ்சுரப்பியியல் வைத்தியர் ஒருவரிடமும் கேட்டு அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

அதிரீனல் என்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் ஒரு சோடிச் சுரப்பி. இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை, உடலின் அவசர கால எதிர்வினை ஆகியவற்றுக்கான ஹோர்மோன்களைச் சுரப்பது இதுவே. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் இதில் கட்டி அகப்படுவது அரிதல்ல. வயது கூடக்கூட அது அதிகமாகக் காணப்படுகிறது. பெரும்பாலானவை அடினோமா என்ற தீங்கற்ற கட்டிகள். ஆனால் சில ஹோர்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். மிகச் சில புற்றுநோயாக இருக்கும். எது எது என்று பிரிக்க முதலில் பார்ப்பது கட்டியின் அடர்த்தியை.

சி.ரி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. இயந்திரத்தை உருவாக்கிய கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்பீல்ட் அலகு என்பார்கள். திரையில் HU என்று தெரியும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. கொழுப்பு ஏறத்தாழ −100 அளவில் இருக்கும். தசை, ஈரல் போன்றவை 40 தொடக்கம் 60 வரை வரும்.

அதிரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி ஹோர்மோன் செய்வதற்காகக் கொலஸ்திரோலைச் சேமித்து வைக்கிறது. அங்கிருந்து வளரும் அடினோமாவின் கலங்களிலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு நிறைந்திருக்கும். அதனால் அதன் எண் தண்ணீருக்குக் கிட்ட இறங்கிவிடும். புற்றுநோய்க் கலங்களில் அவ்வளவு கொழுப்பு சேர்வதில்லை, எனவே எண் உயரே நிற்கும். கட்டி சீராகவும் 10 HU அல்லது அதற்குக் குறைவாகவும் இருந்தால் அது தீங்கற்றது என்று கொள்ளலாம், மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்று 2023இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல் சொல்கிறது.

அப்படியானால் பெரியம்மாவின் கட்டி? முதல் ஸ்கேனில் 68 HU என்று வந்திருந்தது. பார்த்தவுடன் பயம் வரும் எண். ஆனால் அது நரம்பில் கொன்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த படம். அந்த மருந்தில் அயடின் இருக்கிறது. இரத்தத்தோடு கட்டிக்குள் போய் அதன் எண்ணை உயர்த்திவிடும். நல்ல கட்டியும் கெட்ட கட்டியும் அப்போது ஒரே அளவில் தெரியலாம். 10 என்ற எல்லை மருந்து ஏற்றாத படத்துக்கு மட்டுமே உரியது. "தன்மை நிச்சயமில்லை" என்று எழுதியதன் பொருள் "சந்தேகமான கட்டி" என்பதல்ல, "இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது" என்பதே. சிறுநீரகக் கல்லுக்காக முன்பு மருந்தில்லாமல் ஸ்கேன் எடுத்தவர்கள் அந்த இறுவட்டைத் தேடிக் கொண்டுபோனால், புதிய ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம்.

பெரியம்மாவிடம் பழைய படம் இல்லை. மருந்து ஏற்றாமல் மீண்டும் எடுத்தார்கள். இம்முறை 24 HU. இன்னும் நிச்சயமில்லை. அப்போதுதான் கதிரியல் வைத்தியர் படத்தை எனக்குத் திரையில் காட்டினார். முதுகிலிருந்த ஷெல் துண்டிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் விசிறி போல் விரிந்திருந்தன. உலோகம் எக்ஸ் கதிரை மறித்துவிடுவதால் கணினி சுற்றுப்புறத்தைத் தவறாகக் கணிக்கிறது. வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் எண் பொய்யாக உயரும், கறுப்புக் கோட்டில் பொய்யாகத் தாழும். பொய்யாகத் தாழ்ந்த எண்தான் கூடுதல் ஆபத்து. கவனிக்க வேண்டிய கட்டியையும் அது நல்லதாகக் காட்டிவிடும்.

அவர் சில படலங்கள் மேலே நகர்த்தி, கோடு படாத இடத்துக்குப் போனார். கட்டியின் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி, ஓரங்களைத் தொடாமல் ஒரு வட்டம் வரைந்தார். ஓரத்தைத் தொட்டால் பக்கத்துக் கொழுப்பும் கணக்கில் கலந்து எண்ணைக் கெடுத்துவிடும். அந்த வட்டத்தில் வந்தது 6 HU. அடுத்த படலத்திலும் ஏறத்தாழ அதுவே. தீங்கற்ற அடினோமா.

இங்கு நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண் 10க்கு மேலிருந்தால், அடுத்த சோதனையாக எம்.ஆர்.ஐ. சொல்லப்படலாம். அது வலுவான காந்தம். உடலிலுள்ள உருக்குத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் துண்டு இருந்தால் ஆபத்து பெரிது. காயம் ஆறிப் பல வருடமானதால் பலர் இதைச் சொல்ல மறக்கிறார்கள். சிலர் விசாரணைக்குப் பயந்து சொல்வதில்லை. எந்த ஸ்கேனுக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள். எங்கே எத்தனை துண்டு என்பதைச் சாதாரண எக்ஸ்ரே காட்டிவிடும்.

10க்கு மேல் வந்தாலே புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். அடினோமாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் கொழுப்பு குறைவு. 11 தொடக்கம் 20 வரை இருந்து, 4 சென்ரிமீற்றருக்குச் சிறியதாகவும் சீராகவும் இருந்தால் உடனே வேறொரு ஸ்கேன் எடுக்கலாம், அல்லது 12 மாதம் பொறுத்து மீண்டும் பார்க்கலாம். 20க்கு மேல், 4 சென்ரிமீற்றரோ கூடவோ என்றால் சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். முன்பு வேறு புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அடர்த்தி சொல்லாத ஒன்றும் உண்டு: கட்டி ஹோர்மோன் சுரக்கிறதா என்பது. அதனால் எண் நன்றாக இருந்தாலும் ஒரு சோதனை மிச்சம். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை, மறுநாள் காலை 8 மணிக்கு இரத்தத்தில் கோர்ட்டிசோல் அளவு. ஒரு லீற்றரில் 50 நனோமோலுக்கு மேற்படாவிட்டால் சரி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அல்டோஸ்ரரோன், ரெனின் என்ற இரண்டையும் பார்ப்பார்கள். 10 HUக்கு மேலுள்ள கட்டிகளுக்கு மெற்றாநெப்ரின் சோதனையும் அவசியம். அட்ரினலினைக் கொட்டும் பியோகுரோமோசைற்றோமா என்ற கட்டி அங்கே ஒளிந்திருக்கலாம். அது இல்லையென்று தெரியாமல் ஊசியால் குத்திச் சதை எடுத்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு எகிறக்கூடும்.

பெரியம்மாவின் கோர்ட்டிசோல் 38. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்பதால் மற்ற இரண்டும் பார்த்தார்கள், அவையும் சரி. அகஞ்சுரப்பியியல் வைத்தியர் கோப்பை மூடிவிட்டு, "அம்மா, இதுக்காக இனி ஸ்கேன் தேவையில்ல. பித்தப்பைய மட்டும் கவனிங்க" என்றார்.

அன்று லயத்துக்கு வந்ததும் பெரியம்மா இறுவட்டையும் அறிக்கையையும் பொலித்தீன் பையில் சுற்றி, முகாம் அட்டை வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அறிக்கையின் பின்பக்கத்தில் அவர் கேட்டபடி நான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்: "மருந்து ஏற்றாமல் 6. முதுகில் ஷெல் துண்டு உண்டு."