ஐந்து உதைகளும் ஆறு பந்துகளும்: சமநிலையான போட்டிக்கு நியாயமான முடிவு எது?

சில வருடங்களுக்கு முன்னர் வடமராட்சியில் இரண்டு ஊர்க் கழகங்கள் மோதிய உதைபந்தாட்ட இறுதிப்போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் 1-1 என முடிந்தது. மைதானத்தில் மின்விளக்கு இல்லை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. மேலதிக நேரம் கொடுக்காமல் நேரே பெனால்டிக்குப் போனார்கள். ஐந்து உதைகளின் முடிவிலும் 4-4. ஆறாவது உதைக்கு ஓர் அணி தனது முதலாவது வீரரையே மீண்டும் அனுப்பியது. மற்ற அணி அதை ஏற்கவில்லை. வாக்குவாதம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படாமலே எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

விதியின்படி எதிர்த்தவர்கள் சொன்னதே சரி. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்த எல்லோரும், கோல்காப்பாளர் உட்பட, ஒவ்வொரு தடவை உதைத்து முடித்த பின்னரே ஒருவர் இரண்டாவது தடவை உதைக்கலாம். ஓர் அணி சிவப்பு அட்டையால் பத்துப் பேராகக் குறைந்திருந்தால், மற்ற அணியும் ஒருவரை விலக்கிப் பத்துப் பேராக வேண்டும். ஆனால் அன்று இதை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த விதிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். விதி இருப்பதும் அது நியாயமாக இருப்பதும் வேறு வேறு என்பது அப்போது புரிந்தது.

நாணயத்திலிருந்து பெனால்டிக்கு

பெனால்டி முறையைக் குறை சொல்பவர்கள் அதற்கு முன்னர் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் நேப்பிள்ஸ் நகரில் 120 நிமிடங்கள் ஆடியும் கோல் விழவில்லை. நடுவர் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலி இறுதிப்போட்டிக்குப் போனது. அந்த இறுதிப்போட்டியும் 1-1 என முடிந்தது. அதற்கு நாணயம் சுண்டாமல், மீண்டும் ஒரு போட்டி வைத்தார்கள். இத்தாலி 2-0 என வென்றது. மீண்டும் ஆடுவதே மிகவும் நியாயமான வழி. ஆனால் அதற்கு இன்னொரு நாளும், களைப்பு ஆறிய கால்களும் வேண்டும்.

1970இல் பெனால்டி முறை விதிகளில் சேர்க்கப்பட்டது. கோலிலிருந்து 11 மீற்றர் தூரம், அணிக்கு ஐந்து உதைகள், அப்போதும் சமநிலை என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று தொடரும். நாணயத்தில் திறமைக்கு இடமே இல்லை. பெனால்டியில் உதைப்பவரின் நிதானத்துக்கும் கோல்காப்பாளரின் கணிப்புக்கும் இடம் இருக்கிறது.

ஆனாலும் நாணயம் முற்றாகப் போய்விடவில்லை. யார் முதலில் உதைப்பது என்பதை இன்றும் நாணயச் சுழற்சிதான் தீர்மானிக்கிறது. முதலில் உதைப்பவர் கோல் போட்டுவிட்டால், அடுத்தவர் ஒவ்வொரு முறையும் சமப்படுத்தும் நிலையிலேயே பந்தின் முன் நிற்கிறார். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, முதலில் உதைத்த அணிகளே ஏறக்குறைய 60 வீதமான தடவைகள் வென்றிருப்பதாகச் சொன்னது. கூடுதலான போட்டிகளை எடுத்துப் பார்த்த பிந்திய ஆய்வுகளில் அந்த வேறுபாடு மிகவும் குறைந்தது. இருந்தாலும் சந்தேகம் விட்டுப்போகவில்லை. 2017இல் வரிசையை மாற்றிப் பரீட்சித்தார்கள். முதல் அணி ஒன்று, இரண்டாம் அணி இரண்டு, பிறகு முதல் அணி இரண்டு என்று உதைக்கும் முறை அது. பார்ப்பவர்களுக்கு விளங்கவில்லை என்பதால் அடுத்த வருடமே கைவிட்டார்கள்.

2022 உலகக்கிண்ண இறுதிப்போட்டியில் முதலில் உதைத்தது பிரான்ஸ். வென்றது ஆர்ஜென்டினா, 4-2. முதலில் உதைப்பது வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு அது ஓர் உதாரணம்.

லோர்ட்ஸில் நடந்தது

கிரிக்கெட்டில் இதே கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 2019 ஜூலை 14 அன்று, லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக்கிண்ண இறுதிப்போட்டியில். நியூசிலாந்து 8 விக்கெட் இழப்புக்கு 241 ஓட்டங்கள். இங்கிலாந்தும் 241 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது.

சுப்பர் ஓவரில் ஓர் அணிக்கு ஆறு பந்துகள். இரண்டு விக்கெட் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். போட்டியில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணி சுப்பர் ஓவரில் முதலில் ஆட வேண்டும். இதனால் இலக்கை அறிந்துகொண்டு துரத்தும் வசதி ஒரே அணிக்கு இரண்டு தடவை போவதில்லை. பெனால்டி வரிசையைப் போல இதில் நாணயத்துக்கு இடமில்லை. இந்த ஒரு விடயத்தில் சுப்பர் ஓவரே நேர்த்தியானது.

இங்கிலாந்து 15 ஓட்டங்கள் எடுத்தது. நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 2 ஓட்டங்கள் தேவை. கப்டில் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி ரன் அவுட் ஆனார். நியூசிலாந்தும் 15. மீண்டும் சமநிலை. ஆனால் கிண்ணம் இங்கிலாந்துக்குப் போனது. இரண்டாம் சமநிலைக்கு விதியில் இருந்த அளவுகோல் பவுண்டரிகளின் எண்ணிக்கை. இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17.

இதன் பொருள் என்ன? சுப்பர் ஓவர் தொடங்கும்போதே இங்கிலாந்து பவுண்டரிக் கணக்கில் 24-16 என முன்னால் இருந்தது. ஆகவே இங்கிலாந்துக்குச் சமநிலையே போதும், நியூசிலாந்து ஓர் ஓட்டம் கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும். சமநிலையை உடைக்க வைத்த ஆறு பந்துகள் சமமாகத் தொடங்கவே இல்லை.

அளவுகோலும் தற்செயலானது. ஓடி எடுத்த நான்கு ஓட்டங்களும் எல்லைக்கோட்டைத் தொட்ட நான்கும் ஓட்டப்பலகையில் ஒன்றுதான். இழந்த விக்கெட்டுகளை எண்ணியிருந்தால், எட்டு மட்டும் இழந்த நியூசிலாந்தே வென்றிருக்கும். எந்த அளவுகோலைத் தெரிவு செய்கிறோம் என்பதே வெற்றியாளரைத் தெரிவு செய்துவிடுகிறது.

அந்தப் போட்டியில் இன்னொரு பிழையும் உண்டு. கடைசி ஓவரில் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் துடுப்பில் பட்டு எல்லைக்கோட்டைக் கடந்தது. நடுவர் குமார் தர்மசேன ஆறு ஓட்டங்கள் கொடுத்தார். பந்து எறியப்பட்டபோது இரண்டு வீரர்களும் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. எனவே கொடுக்க வேண்டியது ஐந்து. தொலைக்காட்சியில் மீளப் பார்த்தபோது அது பிழை என்று தெரிந்ததாகத் தர்மசேன பின்னர் ஒப்புக்கொண்டார். நடுவரின் பிழை ஒரு கணத்தில் நேர்ந்த மனிதத் தவறு. பவுண்டரி விதியோ முன்கூட்டியே எழுதப்பட்டு, எல்லோரும் ஏற்றுக்கொண்டு விளையாடிய விதி. அதனால்தான் என்னை இரண்டாவதே கூடுதலாக உறுத்துகிறது.

மூன்று மாதங்களில், 2019 ஒக்டோபரில், சர்வதேச கிரிக்கெட் பேரவை அந்த விதியை நீக்கியது. இப்போது வெற்றியாளர் தெரியும்வரை சுப்பர் ஓவர் தொடரும். முந்திய ஓவரை வீசியவர் அடுத்ததை வீச முடியாது, ஆட்டமிழந்தவர் மீண்டும் ஆட முடியாது. 2024 ஜனவரியில் பெங்களூரில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் ஆடிய இருபது ஓவர் போட்டியில் முதல் சுப்பர் ஓவர் 16-16. இரண்டாவதில் இந்தியா வென்றது. நியூசிலாந்துக்குக் கிடைக்காத அந்த இரண்டாவது வாய்ப்பு இதுதான்.

இரண்டு கேள்விகள்

இரண்டு தரப்புக்கும் ஒரே வாய்ப்பா என்பது முதல் கேள்வி. இன்றைய சுப்பர் ஓவர் இதில் தேறுகிறது. பெனால்டி பெரும்பாலும் தேறுகிறது. ஆடிய ஆட்டத்தையே இது அளக்கிறதா என்பது இரண்டாவது. சுப்பர் ஓவரிலும் பந்துவீச்சு, துடுப்பாட்டம், களத்தடுப்பு மூன்றும் இருக்கின்றன. ஆனால் நாள் முழுக்க நின்று ஆடும் பொறுமையை ஆறு பந்துகள் அளக்காது. பெனால்டியில் பந்தைக் கடத்துவதும் தடுப்பதும் ஓடுவதும் இல்லை. பதினொருவர் ஆடியதை இருவர் முடிக்கிறார்கள். அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் இந்த முறைகளை வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளை நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யார் உதைக்கலாம், யார் முதலில், ஐந்துக்குப் பிறகு என்ன, இருட்டிவிட்டால் என்ன. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணித்தலைவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் யாராவது "இது எங்களுக்குப் பாதகம்" என்று சொன்னால் அந்த நேரத்திலேயே கேளுங்கள். அன்று வடமராட்சியில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் கிண்ணம் யாருடைய வீட்டுக்காவது போயிருக்கும்.